15 சதவீதக் கமிஷன் யாருடைய பையிலிருந்து வரும்?

வாசகர் கடிதம்

“நானும் என் நண்பரும் சேர்ந்து, எங்கள் நகரத்துக்குள் மட்டும் இயங்கும் ஓர் இணையச் சந்தையைத் தொடங்கவிருக்கிறோம். சிறு கடைக்காரர்களும், வீட்டிலிருந்தபடியே கைவினைப் பொருள்கள் செய்பவர்களும் அதில் விற்கலாம். 40 பேர் சேர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாங்குபவர்களை இனிமேல்தான் திரட்ட வேண்டும். எல்லாருக்கும் ஒரே சீராக 15 சதவீதக் கமிஷனும், சேரும்போதே ஒரு கட்டணமும் வாங்கலாம் என்பது என் எண்ணம்; பெரிய தளங்களும் அப்படித்தானே வாங்குகின்றன. முதல் ஆண்டு முழுவதும் இலவசமாக விட வேண்டும் என்கிறார் நண்பர். விற்பனையாளர் விதிகளையும் எழுதியிருக்கிறேன். எங்கள் தளத்தில் போட்ட விலையைவிடக் குறைவாக வேறெங்கும் விற்கக் கூடாது. வாங்குபவரிடம் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் நீக்கிவிடுவோம். விற்ற பணம் 30 நாள் கழித்தே கிடைக்கும். ரத்து செய்த ஆர்டர்கள் 5 சதவீதத்தைத் தாண்டினால் கணக்கு முடக்கப்படும். இவை சரியா? எங்கள் இருவரில் யார் சொல்வது சரி?”

வணிக ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்களும் நண்பரும் சதவீதத்தைப் பற்றி வாதிடுகிறீர்கள். அந்தச் சதவீதம் உங்கள் செலவுக் கணக்கிலிருந்தோ, பெரிய தளங்களின் கட்டணப் பட்டியலிலிருந்தோ எடுக்கப்பட வேண்டியது அன்று. விற்பனையாளரின் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட வேண்டியது. அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் உங்கள் 40 பேரும் ஒரே வகையினர் அல்லர் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். எந்த நாணயமானாலும் கணக்கு மாறாது என்பதால் வெறும் எண்களாக எழுதுகிறேன்.

கமிஷன் எங்கிருந்து எடுக்கப்படுகிறது

1000-க்கு விற்கப்படும் இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, ஒரு கடைக்காரர் மொத்த வியாபாரியிடமிருந்து வாங்கி விற்பது. அவருக்குக் கொள்முதல் 780, பொதி கட்ட 20, டெலிவரிக்கு 60 செலவாகிறது என்றால் கையில் நிற்பது 140. இரண்டாவது, ஒருவர் தாமே செய்து விற்பது. அவருக்கு மூலப்பொருள் 350, பொதி 30, டெலிவரி 60 போக 560 நிற்கும். அதில் அவருடைய உழைப்புக்கு 260 என்று நேர்மையாக ஒதுக்கினால் மீதி 300.

இந்த இருவரிடமும் நீங்கள் 15 சதவீதம், அதாவது 150 கேட்கிறீர்கள். செய்து விற்பவருக்கு அது மீதியில் பாதி, முணுமுணுத்துக்கொண்டாவது தருவார். வாங்கி விற்பவருக்கோ ஒவ்வொரு விற்பனையிலும் 10 நஷ்டம். அவர் செய்யக்கூடியது இரண்டுதான். ஒன்று, பெயருக்குச் சேர்ந்துவிட்டு, கடையில் விற்காமல் தேங்கிய சரக்கை மட்டும் உங்கள் தளத்தில் ஏற்றுவார். அல்லது விலையை உயர்த்துவார். கமிஷன் போகவும் பழைய 140 கையில் நிற்க வேண்டுமானால், அவர் 1176 என்று விலை போட்டாக வேண்டும். அதே நகரத்தில் அதே பொருள் அவர் கடையிலேயே 1000-க்குக் கிடைக்கும்போது, 1176 கொடுத்து உங்களிடம் வாங்க யாரும் வர மாட்டார்கள். நகரத்துக்குள் இயங்கும் சந்தைக்கும் நாடு முழுவதற்குமான சந்தைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்: உங்கள் வாங்குபவர் கடைக்கு நடந்தே போய்விட முடியும்.

பெரிய தளங்கள் எல்லாருக்கும் ஒரே சீராக வாங்குகின்றன என்பது சரியன்று. அமேசான் அமெரிக்காவில் பல பொருள் வகைகளுக்கு 15 சதவீதம் வாங்கினாலும், கணினி, மின்னணுச் சாதனங்கள் போன்ற இலாபம் குறைந்த வகைகளுக்கு 8 சதவீதம்தான் வாங்குகிறது. அந்த 15 சதவீதத்துக்கு ஈடாக அங்கே வாங்குபவர்கள் ஏற்கெனவே திரண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உங்களிடம் இன்னும் அவர்கள் இல்லை. இல்லாத கூட்டத்துக்கான வாடகையை விற்பனையாளரிடம் கேட்க முடியாது.

நான் கடைப்பிடிக்கும் நடைமுறை அளவு ஒன்று உண்டு. நேரடிச் செலவும் உழைப்புக்கான கூலியும் போக விற்பனையாளர் கையில் நிற்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கமிஷன் போகக் கூடாது. இது எங்கும் எழுதப்பட்ட சட்டம் இல்லை. ஆனால் அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் விற்பனையாளர்கள் விலையைத் திருத்தவும், வாங்குபவரைத் தனியாக அழைத்துப் பேசவும் தொடங்குகிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்த அளவின்படி வாங்கி விற்பவரிடம் 140-இல் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 47. எனவே முழு எண்ணாக 5 சதவீதம். செய்து விற்பவரிடம் 300-இல் மூன்றில் ஒரு பங்கு 100. எனவே 10 சதவீதம். இரண்டே விகிதங்கள் போதும். வகைக்கு ஒன்றாகப் பத்து விகிதங்கள் வைத்தால், “என் பொருள் எந்த வகை” என்ற வழக்கைத் தீர்ப்பதிலேயே உங்கள் நாள் கழிந்துவிடும்.

இனி உங்கள் பக்கத்துக் கணக்கு. 1000-க்கு ஓர் ஆர்டர் நடந்தால் இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே 2 சதவீதம் எடுக்கிறது என்றால் 20 போகும். புகார் கேட்பது, பணம் திருப்புவது போன்றவற்றுக்கு ஆர்டருக்குச் சராசரியாக 15 என்று வைத்துக்கொள்வோம். இரு வகை விற்பனையும் பாதிப் பாதி நடந்தால் சராசரிக் கமிஷன் 75, செலவு 35, உங்களுக்கு நிற்பது 40. ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் மாத நிலைச்செலவு 60,000 எனில், கைக்காசு போடாமல் நடத்த மாதம் 1500 ஆர்டர்கள் வேண்டும்.

தொடக்கத்தில் மாதம் 200 ஆர்டர் வந்தாலே நல்ல வரவு என்று சொல்வேன். அந்த 200 ஆர்டருக்கு நீங்கள் விரும்பும் 15 சதவீதத்தை வாங்கினாலும் கிடைப்பது 30,000. நிலைச்செலவும் ஆர்டர் செலவும் சேர்ந்து 67,000. ஆக, எந்த விகிதம் வைத்தாலும் முதல் மாதங்களை உங்கள் சொந்த முதலீடுதான் தாங்கப்போகிறது. 15 சதவீதமா இலவசமா என்று நீங்கள் இருவரும் போராடுவது இன்னும் பிறக்காத வருமானத்துக்காக. அந்த மாதங்களில் கமிஷன் செய்யும் வேலை வேறு: எந்த விற்பனையாளர் தம்முடைய நல்ல சரக்கை, நியாயமான விலையில் உங்கள் தளத்தில் ஏற்றுவார் என்பதை அது தீர்மானிக்கிறது.

ஒரு சிறு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்டருக்கு 15 என்ற செலவு பொருளின் விலை குறைந்தாலும் குறையாது. எனவே 5 சதவீத வகையில் 500-க்குக் குறைந்த ஒவ்வோர் ஆர்டரும் உங்களுக்கு நஷ்டம். 10 சதவீத வகையில் ஏறத்தாழ 190 வரை நஷ்டம். இதைச் சரிசெய்யக் கடைசிப் பக்கத்தில் வாங்குபவர் தலையில் ஒரு “சேவைக் கட்டணம்” ஏற்றாதீர்கள். பணம் கட்டும் நேரத்தில் தொகை கூடினால், பலர் அந்தப் பக்கத்தோடு திரும்பிப் போய்விடுவார்கள். குறைந்தபட்ச ஆர்டர் தொகை இவ்வளவு என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைப்பது நேர்மையானது, எளிதானதும்கூட.

இலவசத்தை எதைக் கொண்டு அளப்பது

உங்கள் நண்பரின் உள்ளுணர்வில் உண்மை இருக்கிறது. வாங்குபவர், விற்பவர் என இரு பக்கத்தையும் இணைக்கும் இருபக்கச் சந்தைகளைப் பற்றி ழான்-ஷார்ல் ரோஷே, ழான் திரோல் என்ற இரு பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர்கள் 2003-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. மொத்தம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதோடு, அதை எந்தப் பக்கத்திலிருந்து வாங்குகிறீர்கள் என்பதும் வியாபாரத்தின் அளவை மாற்றும் என்பது அதன் சாரம். எந்தப் பக்கத்தைக் கொண்டுவருவது கடினமோ அந்தப் பக்கத்தின் சுமையைக் குறைக்க வேண்டும். உங்களுக்கு 40 விற்பனையாளர்கள் தயார், வாங்குபவர்கள் இல்லை. ஆகவே வாங்குபவரிடம் எந்தக் கட்டணமும் கூடாது.

ஆனால் “40 பேர் தயார்” என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். ஒரு வாங்குபவர் குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடினால், சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு இன்றே அனுப்பக்கூடியவர் குறைந்தது மூன்று பேராவது வருகிறார்களா என்று சோதித்துப் பாருங்கள். 40 பேரும் 20 வகைகளில் சிதறிக் கிடந்தால், எந்தத் தேடலுக்கும் இரண்டு பேருக்கு மேல் வர மாட்டார்கள். வந்தவர் மறுபடி வர மாட்டார். அப்படியானால் இரண்டு மூன்று வகைகளோடு மட்டும் கடையைத் திறந்து, மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்வதே நல்லது. இது அவர்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் காலியான கடைத்தெருவில் அவர்களை உட்காரவைத்து மூன்று மாதம் கழித்து இழப்பதைவிட அந்த வருத்தம் தேவலை.

இலவசத்தின் வலிமைக்குச் சீனாவில் நடந்ததை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. அங்கே 2003-இல் தொடங்கிய தாவோபாவ் என்ற இணையச் சந்தை, மூன்று ஆண்டுகளுக்கு விற்பனையாளரிடம் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. தொடக்கத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த ஈபே 2006-இன் இறுதியில் தன் சீனத் தளத்தை மூடிக்கொண்டது. இதிலிருந்து “இலவசம் வெல்லும்” என்று மட்டும் எடுத்துக்கொள்வது அரைப் பாடம். தாவோபாவுக்குப் பின்னால் அதன் தாய் நிறுவனமான அலிபாபாவின் பணம் இருந்தது. கமிஷனுக்குப் பதிலாகப் பின்னாளில் விளம்பரத்தில் சம்பாதிக்கும் அளவுக்குப் பெருங்கூட்டமும் அமைந்தது. ஒரு நகரத்துச் சந்தைக்கு இவை இரண்டும் வாய்ப்பதில்லை. இலவசத்தைத் தவிர தாவோபாவ் வேறு இரண்டையும் கொடுத்தது; அவற்றை அடுத்த பகுதியில் சொல்கிறேன், உங்களுக்கு உண்மையில் பயன்படுபவை அவைதாம்.

“முதல் ஆண்டு முழுவதும் இலவசம்” என்பதில் எனக்குள்ள தயக்கம் அளவுகோலைப் பற்றியது. காலத்தால் அளந்தால், பெயரை மட்டும் பதிந்துவிட்டுத் தூங்கும் விற்பனையாளருக்கும் நாள்தோறும் உழைப்பவருக்கும் ஒரே சலுகைதான் கிடைக்கும். அது மட்டுமன்று, வியாபாரம் எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவு உங்கள் கைக்காசும் கரையும், எல்லை தெரியாது. மாறாக, ஒவ்வொரு விற்பனையாளருக்கும் முதல் 20 ஆர்டருக்குக் கமிஷன் இல்லை என்று வையுங்கள். 40 பேருக்கும் சேர்த்து 800 ஆர்டர். ஆர்டருக்கு 35 வீதம் உங்களுக்கு ஆகும் செலவு அதிகபட்சம் 28,000. இன்றே தெரிந்த தொகை. ஒரு மாத நிலைச்செலவில் பாதிகூட இல்லை. விற்பனையாளரும் அந்த 20-ஐ விரைவாக முடிக்கப் பார்ப்பார். தம் பழைய வாடிக்கையாளர்களையும் உங்கள் தளத்துக்கு அழைத்து வருவார்.

இலவசமாக விடும்போதும் கமிஷன் எவ்வளவு என்பதை மறைக்காதீர்கள். ஒவ்வொரு பில்லிலும் “கமிஷன் 100, அறிமுகத் தள்ளுபடி 100, செலுத்த வேண்டியது 0” என்று அச்சிடுங்கள். அப்போது 21-ஆவது ஆர்டரில் 100 பிடிக்கப்படும்போது அது விலையேற்றமாகத் தோன்றாது. கைவினைப் பொருள்களுக்கான எட்ஸி தளம் 2022 ஏப்ரலில் கட்டணத்தை 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியபோது, ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் தங்கள் கடைகளை மூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 6.5 என்பது உங்கள் 15-இல் பாதிக்கும் குறைவு. மனிதர்கள் விகிதத்தைவிட அதன் மாற்றத்தைத்தான் அதிகம் உணர்கிறார்கள். ஆகவே முதலில் சேர்பவர்களுக்கு அவர்களுடைய விகிதம் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு மாறாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

சேர்க்கைக் கட்டணத்தை விட்டுவிடுங்கள். அக்கறையற்றவர்களை வடிகட்டத்தான் அதை நினைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஆனால் முதலில் விலகிப் போவது, இதுவரை இணையத்தில் விற்றறியாத, நீங்கள் மிகவும் விரும்பும் அந்தக் கைவினைஞர்கள்தாம். வடிகட்ட வேறு வழி இருக்கிறது: 30 நாளுக்கு ஒரு முறை “சரக்கு இருக்கிறது” என்று விற்பனையாளர் உறுதிசெய்யாத பொருள் தானாகவே மறைந்துவிட வேண்டும். காசு கேட்காமலே தூங்குபவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

தளத்துக்கு வெளியே நடக்கும் வியாபாரம்

தொலைபேசி எண்ணுக்குத் தடை, விலைக்குத் தடை ஆகிய இரண்டு விதிகளும் ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை: நாம் அறிமுகப்படுத்திய இருவர் நம்மை விட்டுவிட்டுத் தங்களுக்குள் முடித்துக்கொள்வார்களோ என்ற அச்சம். அது நியாயமானதுதான். ஆனால் அந்தத் தூண்டுதலை உருவாக்குவது உங்கள் விகிதமே. மேலே சொன்ன 1176 விலைப் பொருளை, வாங்குபவரும் கடைக்காரரும் வெளியே சந்தித்து 1050-க்கு முடித்தால் வாங்குபவருக்கு 126 மிச்சம். கடைக்காரருக்கு 140-க்குப் பதில் 190. இருவருக்கும் இவ்வளவு இலாபம் இருக்கும்போது, ஒரே நகரத்தில் வாழும் இருவரை எந்த விதியாலும் பிரித்து வைக்க முடியாது. கடையின் பெயரே போதும், எண்ணைத் தேடி எடுத்துவிடுவார்கள். 5 சதவீதமாக இருந்து விலையும் ஏறத்தாழ 1000-ஆகவே இருந்தால், வெளியே போவதில் இருவருக்குமாகக் கிடைப்பது 50. அதற்காகப் பணப் பாதுகாப்பை இழக்கப் பலர் முன்வர மாட்டார்கள்.

தாவோபாவ் கொடுத்ததாகச் சொன்னேனே, அந்த இரண்டு இவைதாம். வாங்குபவரும் விற்பவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள ஓர் உரையாடல் வசதி. பொருள் வந்து சேர்ந்ததை வாங்குபவர் உறுதிசெய்யும் வரை பணத்தை நடுவில் நிறுத்திவைக்கும் அலிபே. ஈபே பேச்சைக் கட்டுப்படுத்திக் கமிஷனைக் காக்க முயன்றது. தாவோபாவ் பேச விட்டு, பணம் மட்டும் தன் வழியாகப் போவதற்கு ஒரு காரணம் கொடுத்தது. நீங்களும் அதையே செய்யுங்கள். தளத்துக்குள்ளேயே பேசட்டும். தளத்தின் வழியாகப் பணம் கட்டிய ஆர்டருக்கு மட்டும் திருப்பித் தரும் உறுதியும், பழுதானால் உங்கள் தலையீடும் கிடைக்கும் என்பதை அந்த உரையாடல் பெட்டியின் மேலேயே ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

திரும்பத் திரும்ப வாங்கப்படும் பொருள்களில் இதுவும் போதாது. இரண்டாம் முறை வாங்குபவருக்கு விற்பனையாளரை ஏற்கெனவே தெரியும். அறிமுகத்துக்கான விலையை மறுபடி கேட்டால் அவருக்கு அநியாயமாகப் படும், அதில் தவறும் இல்லை. 10 சதவீத வகையில் ஒரே வாங்குபவர் அதே விற்பனையாளரிடம் செய்யும் இரண்டாவது ஆர்டரிலிருந்து 5 சதவீதம் என்று குறைத்துவிடுங்கள். குறைந்த விகிதத்தில் உள்ளே நடக்கும் வியாபாரம், நிறைந்த விகிதத்தில் வெளியே போய்விட்ட வியாபாரத்தைவிட மேலானது.

விலைத் தடை விதியை அடியோடு நீக்குங்கள். பயன் இல்லை என்பதோடு, சட்ட ஆபத்தும் இருக்கிறது. விடுதிகள் தங்கள் சொந்த இணையதளத்தில் குறைந்த விலை காட்டக் கூடாது என்று புக்கிங்.காம் என்ற விடுதி முன்பதிவுத் தளம் வைத்திருந்த விதியை, ஜெர்மனியின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு 2015-இல் தடைசெய்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021-இல் அந்தத் தடையை நிலைநிறுத்தியது. உங்களைப் போன்ற சிறு தளத்தை உடனே யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் வளர்ந்த பிறகு பிடுங்கி எறிய வேண்டிய ஒரு விதியின் மேல் உங்கள் வருமானத்தை இன்று கட்டக் கூடாது. விலை வேறுபாட்டைத் தண்டிப்பதற்குப் பதிலாகக் கவனியுங்கள். மாதம் ஒரு முறை பத்துப் பொருள்களின் கடை விலையையும் தள விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தள விலை தொடர்ந்து உயர்ந்திருந்தால், அந்த வகையில் உங்கள் விகிதம் தாங்கக்கூடியதாக இல்லை என்பதை விற்பனையாளர்கள் சொல்லாமல் சொல்கிறார்கள்.

வெளியே வியாபாரம் கசிகிறதா என்பதற்கும் ஓர் அறிகுறி உண்டு. ஒரு விற்பனையாளரின் பொருள்களைப் பற்றிய விசாரிப்புகள் குறையாமல் வந்துகொண்டிருக்க, ஆர்டர்கள் மட்டும் குறைந்துகொண்டே போனால் அவரை அழைத்துப் பேசுங்கள். மிரட்டுவதற்காக அன்று, எந்த இடத்தில் உங்கள் தளம் அவருக்குச் சுமையாக இருக்கிறது என்று கேட்டறிவதற்காக. டெலிவரி நேரம், பணம் தாமதமாவது என்று நீங்கள் எதிர்பாராத காரணங்கள் வரும்.

பட்டுவாடாவும் ரத்தும்

30 நாள் கழித்துப் பணம் என்ற உங்கள் விதிதான் எல்லாவற்றிலும் கடுமையானது. நீங்கள் அதை அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டீர்கள். 1000 விலைப் பொருளை மாதம் 50 விற்கும் கடைக்காரருக்கு ஒன்றுக்கு 860 வீதம் அவர் போட்ட முதலீட்டில் 43,000 உங்களிடம் முடங்கிக் கிடக்கும். அவருடைய மாத இலாபமோ கமிஷனுக்கு முன்பே 7,000-தான். ஆறு மாத இலாபத்துக்கும் மேற்பட்ட தொகையை உங்களிடம் நிறுத்திவைத்துவிட்டு மறு கொள்முதலுக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தால், அவர் நன்றாக விற்க விற்க நெருக்கடி அதிகமாகும்.

பணத்தை நிறுத்திவைப்பதற்கு ஒரே ஒரு நியாயமான காரணம் உண்டு: பொருள் திரும்பி வந்தால் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே நிறுத்தும் காலமும் திருப்பும் காலமும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரே நகரத்தில் டெலிவரி ஒரு நாளில் முடியும். திருப்ப மூன்று நாள் கொடுங்கள். அது கழிந்ததும், வாரம் ஒரு குறித்த நாளில் பட்டுவாடா. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஐந்து ஆர்டர் வரை ஏழு நாள் வைக்கலாம். அந்தப் பணத்தை உங்கள் நடப்புக் கணக்கில் கலக்கவே கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். நெருக்கடியான ஒரு மாதத்தில் விற்பனையாளர் பணத்தைத் தொட்டு வாடகை கட்டுவதிலிருந்துதான் இத்தகைய தளங்களின் வீழ்ச்சி தொடங்குகிறது. பிறர் பணத்தை வைத்திருந்து பட்டுவாடா செய்வதற்குப் பல நாடுகளில் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற கட்டண நிறுவனத்தின் மூலம், கமிஷன் உங்களுக்கும் மீதி விற்பனையாளருக்கும் அங்கேயே பிரிந்து போகும்படி அமைப்பது பாதுகாப்பானது. விற்பனையாளரின் வரியை நீங்களே பிடித்துக் கட்ட வேண்டிய கடமையும் சில நாடுகளில் உண்டு என்பதால், தொடங்குமுன் உள்ளூர்க் கணக்காய்வாளர் ஒருவரிடம் இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

ரத்து விதியின் நோக்கம் சரி, சதவீதம்தான் தவறு. மாதம் பத்து ஆர்டர் பெறுபவர் ஒன்றை ரத்து செய்தாலே 10 சதவீதம் ஆகிவிடும். முதல் தவறிலேயே முடங்கிப் போவார். எண்ணிக்கையால் அளங்கள்: கடைசி 20 ஆர்டரில் இரண்டு ரத்தானால் எச்சரிக்கை, நான்கானால் புதிய ஆர்டர்களைத் தற்காலிகமாக நிறுத்துவது. கடை வைத்திருப்பவர்களுக்கு ரத்து ஏன் நேர்கிறது என்றும் பாருங்கள். கடைசிப் பொருளைக் கடைக்கு வந்தவரிடம் விற்றுவிட்டுத் தளத்தில் எண்ணிக்கையைக் குறைக்க மறந்துவிடுவார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது. ஆர்டர் வந்த இரண்டு மணி நேரத்துக்குள் “உண்டு” என்று உறுதிசெய்யாவிட்டால் அது தானாக அடுத்த விற்பனையாளருக்குப் போகும் என்று வைத்தால், வாங்குபவரும் ஏமாற மாட்டார், விற்பனையாளரும் தண்டனை பெற மாட்டார்.

நீக்கும் அதிகாரத்தை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுத்தில் காரணம் சொல்லாமல் அதைப் பயன்படுத்தாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ஒழுங்குமுறை ஒன்று, விதிகளை மாற்றுமுன் குறைந்தது 15 நாள் அறிவிப்பும், கணக்கை முழுவதுமாக நிறுத்துமுன் குறைந்தது 30 நாள் அறிவிப்பும் காரணமும் தர வேண்டும் என்கிறது. மோசடி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அது உங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், அந்த இரண்டு எண்களை அப்படியே உங்கள் ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்ளலாம். இருவர் நடத்தும் தளத்தில், நீக்க முடிவெடுத்தவர் ஒருவர் என்றால் முறையீட்டைக் கேட்பவர் மற்றவராக இருக்கட்டும்.

கையெழுத்து வாங்குமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நான் எழுதிய 780, 350 எல்லாம் கற்பனை எண்கள். வாங்கி விற்பவர் மூவரையும் செய்து விற்பவர் மூவரையும் அவர்களுடைய உண்மையான கொள்முதல் பில்களோடு உட்காரவைத்து, நீங்களும் நண்பரும் சேர்ந்தே இந்தக் கணக்கைப் போடுங்கள். உழைப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதில் செய்து விற்பவர்கள் தயங்குவார்கள். ஒன்றைச் செய்ய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டு, அதிலிருந்து கணக்கிடுங்கள். 5 சதவீதம்கூட ஒரு வகையினரின் மீதியில் மூன்றில் ஒரு பங்கை வெகுவாகத் தாண்டுமானால், அந்த வகையை இப்போதைக்குச் சேர்க்காமல், மாதம் 1500 ஆர்டரை நெருங்கிய பிறகு மறுபடி பேசுங்கள்.